புழுத்துளைக்குள் இறங்கிய மை: மு.வ. கையெழுத்து என்று வந்த ஒரு புத்தகம்

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாலாஜாவிலிருந்து ஒரு தம்பி வேலப்பாடியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். கையில் துணிக்கடை மஞ்சள் பை. உள்ளே இரண்டு புத்தகம். ஒன்றைத் தனியாகச் செய்தித்தாளில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் கவரும் போட்டு வைத்திருந்தார்.

"அண்ணா, மு.வ. கையெழுத்து போட்ட புக்கு கீது. பன்னெண்டாயிரம் போவும்னு சொன்னாங்க. நீங்க ஒருவாட்டி பாத்துட்டு சொல்லுங்க."

அவரே விற்க வந்தவர். வாங்குவதாகச் சொன்னவர் காட்பாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். எனக்கு இருபது வருடப் பழக்கம். முதல் நாள் இரவே போனில் கூப்பிட்டு, "நீ பார்த்துச் சரின்னு சொன்னா வாங்கிக்கறேன்" என்று சொல்லியிருந்தார். ஆக நான் இரண்டு பக்கத்துக்கும் பொது ஆள். பழைய புத்தக வியாபாரத்தில் இப்படி நடுவில் உட்காருவது சங்கடம்தான். உண்மை என்றால் வாங்குகிறவருக்குச் செலவு, பொய் என்றால் கொண்டுவந்தவருக்கு ஏமாற்றம். எனக்குக் கிடைப்பது ஒரு டீ.

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு மு.வ. என்றாலே ஒரு தனிப் பிடிப்பு உண்டு. வாலாஜா பக்கத்து வேலம் அவர் குடும்பத்து ஊர், திருப்பத்தூரில் ஆசிரியராக இருந்தவர். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் 1939 முதல் 1961 வரை, அதன்பின் சென்னைப் பல்கலைக்கழகம், 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், 1974இல் மறைவு. முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பு எடுத்தவர், நாவல்கள் வீட்டுக்கு வீடு இருந்தவர். கையெழுத்துக் கேட்டவர்கள் நிறைய இருந்திருப்பார்கள். அதனால் அவர் கையெழுத்திட்ட பிரதி ஒன்று வாலாஜாவில் அகப்பட்டது என்றால் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எனக்கு நெருடியது அதுதான். நம்பும்படியான கதையைத்தான் யாரும் போலி செய்வார்கள்.

கையெழுத்துப் புத்தகம் வந்தால் கையெழுத்தைக் கடைசியாகப் பார்ப்பது என் வழக்கம். அதை முதலில் பார்த்தால் கண் அங்கேயே நின்றுவிடும். பிறகு மற்றதெல்லாம் அதற்குச் சாட்சி சொல்வதுபோலவே தெரியும். கவரைப் பிரித்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துப் பின்னாலிருந்து தொடங்கினேன்.

நாவல். காலிகோ முதுகு, அட்டை மூலைகள் தேய்ந்து உள் அட்டை பஞ்சாகத் தெரிந்தது. தாள் ஓரம் டீ நிறத்துக்கு வந்திருந்தது. எழுத்து அச்சுக் கோத்து அடித்தது. விரலால் தடவினால் பின்பக்கம் எழுத்தின் புடைப்பு தெரியும். 'லை', 'ணை' எல்லாம் பழைய துதிக்கை வடிவம். இதுவரை ஒரு குறையும் இல்லை. கள்ளநோட்டுப் பார்க்கும் சின்ன ஊதா விளக்கைக் காட்டினேன், தாள் ஒளிரவில்லை. புதுத் தாள் இல்லை என்று மட்டும் அதிலிருந்து தெரியும். பழைய தாளில் நேற்று எழுதினாலும் தாள் பழையதாகத்தானே இருக்கும்.

முன்பக்கம் வந்தபோதுதான் முதல் இடறல். நூலின் பெயர் மட்டும் அச்சான முதல் தாள் இருந்தது, அதில்தான் கையெழுத்து. அதற்கு அடுத்து இருக்கவேண்டிய தலைப்புத் தாள் இல்லை. தையலை ஒட்டி அரை விரல் அகலத்துக்கு ஒரு துண்டு மட்டும் நின்றிருந்தது. கிழிந்திருந்தால் விளிம்பு நார் நாராக இருக்கும். இது பிளேடு வைத்து நேர்க்கோட்டில் அறுத்தது. தலைப்புத் தாளின் பின்பக்கத்தில்தான் எத்தனையாவது பதிப்பு, எந்த வருடம், எந்த அச்சகம் என்ற விவரமெல்லாம் இருக்கும்.

"இந்தத் தாள் எங்க தம்பி?"

"பூச்சி அரிச்சிடுச்சுன்னு சொன்னாங்கண்ணா."

பூச்சி ஸ்கேல் வைத்து அரிக்காது. ஆனாலும் இதை வைத்தே போலி என்று முடிவுகட்ட முடியாது. தலைப்புத் தாள் போவதற்கு வேறு காரணமும் உண்டு. நூலகம், படிப்பகம் இருந்த இடத்துப் புத்தகம் வெளியே வரும்போது முதலில் போவது அந்தத் தாள்தான், ஏனென்றால் முத்திரை அங்கேதான் இருக்கும். ஆனால் நூலகக்காரர்கள் அந்த ஒரு முத்திரையோடு விடமாட்டார்கள். உள்ளே ஏதோ ஒரு குறிப்பிட்ட பக்கத்தில், அவரவர் வழக்கப்படி, இன்னொன்று குத்தி வைப்பார்கள். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். 51ஆம் பக்கத்தின் அடியில் ஊதா நிறத்தில் வட்ட முத்திரை, பாதி அழிரப்பர் போட்டுத் தேய்த்திருந்தது. 'படிப்பகம்' என்ற சொல்லின் பின்பாதியும், அதன்கீழ் இங்க் பேனாவால் எழுதிய வரிசை எண்ணும், '3-8-66' என்ற தேதியும் தப்பித்திருந்தன. ஊர்ப் பெயர் போய்விட்டது.

இது எனக்கு இரண்டு விதத்தில் உதவியது. புத்தகம் 1966 ஆகஸ்டுக்கு முன்பே அச்சானது என்று தெரிந்துவிட்டது. ஆகவே 'ஆசிரியர் மறைந்த பிறகு வந்த பதிப்பு' என்ற எளிய வழியில் இதைத் தள்ள முடியாது. இன்னொன்று, இதே புத்தகத்தில், இதே தாளில், 1966இல் இங்க் பேனாவால் எழுதிய எழுத்து ஒன்று கையில் கிடைத்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல சாட்சி எங்கு தேடினாலும் கிடைக்காது.

பிறகுதான் முதல் தாளுக்குப் போனேன். நீல மை. நான்கு வரி.

அன்புத் தம்பிக்கு
கலை வளர்க
மு. வரதராசன்
பொங்கல் நன்னாள் 14-1-62

எழுதியவர் வீட்டுப்பாடம் செய்திருந்தார், அதைச் சொல்லியாக வேண்டும். பெயரில் 'ஜ' இல்லை, 'ச' இருந்தது. இதிலேயே வழுக்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஆம்பூரிலிருந்து ஒருவர் 'எம். வரதராஜன்' என்று கையெழுத்துள்ள ஒரு கணக்குப் புத்தகத்தையே மு.வ.வின் சொந்தப் பிரதி என்று கொண்டுவந்தார். அது போலி இல்லை, யாரோ ஒரு வரதராஜன் தன் புத்தகத்தில் தன் பெயரை எழுதிவைத்தது. நம் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு வரதராஜன் உண்டு. இன்னொரு பிரதியில் 'வரதராசனார்' என்றே கையெழுத்து. தன் பெயருக்குத் தானே 'ஆர்' போட்டுக்கொள்கிறவர் யார்? இன்னொன்றில் 1968ஆம் வருடத் தேதிக்குக் கீழே 'துணைவேந்தர்' என்று இருந்தது. அந்தப் பதவிக்கு அவர் வந்தது 1971இல். இந்த மாதிரி அசட்டுத்தனம் எதுவும் இங்கே இல்லை. பதவி போடவில்லை, பெறுபவர் பெயரையும் போடவில்லை. 1962 பொங்கல் அவர் வாழ்க்கைக்கும் பொருந்துகிறது, 66க்கு முந்தையது என்ற கணக்குக்கும் பொருந்துகிறது.

பெறுபவர் பெயர் இல்லாததைத் தம்பி ஒரு நல்ல விஷயமாகச் சொன்னார். "யாருக்குன்னு போடல, அதனால யாரு வாங்கினாலும் அவங்களுக்கே குடுத்த மாதிரி இருக்குமில்லண்ணா." விற்கிறவர் பார்வைக்கு அது சரி. ஆனால் பெயர் இருந்தால் நான் போய் விசாரிக்க முடியும். அந்தப் பெயருடையவர் இருந்தாரா, மு.வ.விடம் படித்தாரா, அவர் வீட்டில் வேறு கடிதம் உண்டா என்று நூல் பிடித்துப் போகலாம். 'அன்புத் தம்பி' என்பவரைத் தேடி எங்கே போவது?

அடுத்தது எழுத்து வடிவம். தமிழ்ப் போலிகளைப் பிடிக்க நமக்கு மட்டுமே இருக்கும் ஒரு சௌகரியம் இது.

1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. ணா, றா, னா என்ற மூன்றும், ணை, லை, ளை, னை என்ற நான்கும், ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என்ற ஆறும், ஆகப் பதின்மூன்று எழுத்தின் வடிவம் மாறியது. அதற்கு முன் பள்ளியில் படித்தவர்கள் 'லை'யைத் துதிக்கை போட்டு எழுதினார்கள். 'னா'வுக்குத் தனியாகக் கால் கிடையாது. எழுத்தே கீழே சுழித்துக்கொண்டு முடியும். பெரியார் இந்தச் சீர்திருத்த வடிவத்தை 1935இலேயே தன் பத்திரிகையில் கொண்டுவந்துவிட்டார் என்பதையும் மறக்கக்கூடாது. ஆகவே 1962இல் ஒருவர் புதிய 'லை' எழுதியிருந்தால் மட்டும் அது பொய் ஆகிவிடாது, அவர் இயக்கத்துக்காரராக இருக்கலாம்.

நம் புத்தகத்தில் 'கலை' என்ற சொல்லில் 'லை' அழகான பழைய துதிக்கை. லென்ஸில் பார்த்தால் கொஞ்சம் அதிக அழகு. நின்று, நிதானித்து, அச்செழுத்தைப் பார்த்து வரைந்ததுபோல. நான்காம் வரியில் 'நன்னாள்'. அங்கே 'னா' புதிய வடிவம்: 'ன' போட்டு, பக்கத்தில் தனியாகக் கால்.

இதைப் பார்த்ததும் நான் லென்ஸைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். பழைய எழுத்து என்றால் இன்றைக்கு எல்லாருக்கும் நினைவு வருவது துதிக்கை மட்டும்தான். பழைய படப் பெயர்ப்பலகையிலும், கோயில் கல்வெட்டுப் பலகையிலும் கண்ணில் படுவது அதுதான். சுழித்த 'னா'வும் 'றா'வும் யாருக்கும் ஞாபகத்தில் இல்லை. பழைய முறையில் படித்தவர் இரண்டையும் பழைய மாதிரி எழுதுவார். பெரியார் வழியில் போனவர் இரண்டையும் புதிய மாதிரி எழுதுவார். ஒன்றைப் பழையதாகவும் ஒன்றைப் புதியதாகவும் கலந்து எழுதுவது, 78க்குப் பிறகு கையை மாற்றிக்கொண்ட தலைமுறையின் பழக்கம். என் அப்பா அப்படித்தான் சாகும்வரை எழுதினார். 1962இல் அப்படிக் கலக்க ஒருவருக்குக் காரணம் இல்லை.

ஆனாலும் இதை மட்டும் வைத்துப் பேராசிரியரிடம் போனால், "ஒரு எழுத்துக்காகவா?" என்று கேட்பார். கேட்கவும் வேண்டும். மனிதக் கை அச்சு யந்திரம் இல்லை. நான்கு வரியில் ஒரே ஒரு 'னா'தான் இருந்தது.

அதனால் மைக்குப் போனேன். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும், லாங் பஜாரில் நகைப் பட்டறைக்குச் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். பால்பாயிண்ட் என்றால் கோட்டின் நடுவில் வெள்ளைக் கீற்று ஓடும், வளைவுகளில் மை பிசுக்காகத் திட்டுக் கட்டும், பின்பக்கம் அழுத்தம் தெரியும். ஜெல் பேனா என்றால் கோடு இரண்டு ஓரமும் ஒரே சீராக, நிறம் தட்டையாக இருக்கும். அது உலகத்திலேயே 1980களில்தான் வந்தது. 1962 தேதிக்குக் கீழே ஜெல் மை இருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. இது இரண்டும் இல்லை. நிப்பு பிரிந்து அழுந்திய இடத்தில் கோடு அகலமாகியிருந்தது. இங்க் பேனாவேதான்.

ஆனால் கோட்டின் ஓரம் முழுக்கப் பூனை மயிர்போல மெல்லிய இழைகள். மை தாளுக்குள் ஊறிப் பக்கவாட்டில் ஓடியிருக்கிறது. தாள் செய்யும்போதே மை ஊறாமல் இருக்கப் பிசினும் படிகாரமும் சேர்த்துப் பதப்படுத்துவார்கள். ஐம்பது அறுபது வருடம் வேலூர் வெயிலில் கிடந்தால் அந்தப் பதம் செத்துப்போகும். அப்புறம் அந்தத் தாளில் இங்க் பேனா வைத்தால் மை ஒட்டுத்தாளில் விட்டதுபோல ஓடும். உங்கள் வீட்டிலேயே 1960களின் உதவாத புத்தகம் ஒன்று இருந்தால் கடைசித் தாளில் எழுதிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இதிலும் ஒரு தப்பு நேரலாம். அந்தக் காலத்து மலிவுத் தாள் பலதும் புதிதாக இருந்தபோதே சரியாகப் பதப்படாதவை. அன்றைக்கு எழுதியபோதே ஊறியிருக்கலாம் அல்லவா? இங்கேதான் படிப்பகத்துக்காரர் கைகொடுத்தார். 51ஆம் பக்கத்தின் '3-8-66' அதே தாள், அதே இங்க் பேனா. லென்ஸை வைத்தேன். ஓரம் கத்தரித்ததுபோல் சுத்தம், ஒரு இழை இல்லை. 1966இல் இந்தத் தாள் மையைத் தாங்கியிருக்கிறது. 1962இல் தாங்காமலா போயிருக்கும்?

மூன்றாவது, என்னைப் பொறுத்தவரை வழக்கை முடித்தது. புத்தகத்தின் முதல் ஏழெட்டுத் தாளில் புழு துளைத்திருந்தது. குண்டூசித் தலை அளவு, நேராக அட்டையிலிருந்து உள்ளே இறங்கும் துளை. முதல் தாளில் அது 'வரதராசன்' என்பதில் 'ச'வின் மேற்கோட்டுக்குக் குறுக்கே விழுந்திருந்தது. கோடு துளையின் இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் தொடர்ந்தது.

எழுதிய பிறகு புழு துளைத்திருந்தால் எப்படி இருக்கும்? மை காய்ந்த தாளை அது தின்றிருக்கும். கோடு துளையின் விளிம்பில் சட்டென்று வெட்டுப்பட்டு நிற்கும், விளிம்பு தாளின் நிறத்திலேயே இருக்கும். துளை முதலில் இருந்து பிறகு எழுதியிருந்தால், நிப்பு துளைமேல் போகும்போது ஈர மை விளிம்பைச் சுற்றிப் பரவும், நார் குடிக்கும், மிச்சம் கீழே இறங்கும்.

லென்ஸில் துளையின் உள்விளிம்பு முழுக்க நீல வளையம். தலைப்புத் தாளைத்தான் அறுத்துவிட்டார்களே. அதனால் அதற்கு அடுத்த முன்னுரைத் தாளைத் திருப்பிப் பார்த்தேன். துளைக்கு நேர் கீழே, அந்தத் தாளின் துளை விளிம்பில், கடுகில் பாதி அளவுக்கு ஒரு நீலப் பொட்டு. எழுதும்போது தலைப்புத் தாள் இடையில் இருந்திருந்தால் மை அதில்தான் பட்டிருக்கும். ஆக, தாளை அறுத்து, புழு தின்று முடித்த பிறகு எழுதிய கையெழுத்து.

தம்பியைக் கூப்பிட்டு லென்ஸைக் கொடுத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். புத்தகத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துக் காட்டியதும் அப்படியே நின்றுவிட்டார். "புழு ஓட்டைக்குள்ள இங்க் எறங்கிகீதுண்ணா."

கையெழுத்து வடிவத்தைக் கடைசியாகத்தான் பார்த்தேன், அதுவும் தம்பி கொடுத்த ஆதாரத்தை வைத்தே. மாதிரிக்காக என்று ஒரு கணினிப் பிரிண்ட் இணைத்திருந்தார்கள்: 'இணையத்தில் கிடைத்த உண்மைக் கையெழுத்து'. அந்தப் படம் எங்கிருந்து வந்தது, உண்மையா என்பது வேறு கதை, எனக்கு அது தேவைப்படவில்லை. இரண்டையும் போனில் படம் எடுத்து, 'மு' என்ற எழுத்தின் அகலத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஒன்றைப் பாதி மங்கலாக்கி மற்றதன் மேல் வைத்தேன். கோட்டுக்குக் கோடு அப்படியே உட்கார்ந்தது. 'ரா'வுக்கும் 'ச'வுக்கும் இடைவெளி, 'ன்' மேல் புள்ளி விழுந்த இடம், எல்லாம்.

தம்பிக்கு இது சந்தோஷமாக இருந்தது. ஒரு நிமிடம் முகம் மலர்ந்தது. "அப்ப கரெக்டா கீதுல்ல?" இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரே ஆள் அடுத்தடுத்து போடும் இரண்டு கையெழுத்துகூட இப்படி ஒன்றின்மேல் ஒன்று உட்காராது. சாயல் ஒன்றாக இருக்கும், அளவும் இடைவெளியும் மாறும். அவரை ஒரு தாளில் ஐந்து முறை கையெழுத்துப் போடச் சொன்னேன். ஐந்தும் அவருடையது என்று பார்த்தவுடன் தெரிந்தது, எந்த இரண்டும் பொருந்தவில்லை. அச்சு அசலாகப் பொருந்தினால் கண்ணாடியில் வைத்து அடியில் விளக்குப் போட்டு வரைந்தது என்று அர்த்தம். அந்த எண்ணத்தோடு மறுபடி லென்ஸில் பார்த்தால், 'வ'வின் வளைவில் இரண்டு இடத்தில் பேனா நின்று மூச்சு வாங்கிய பொட்டு தெரிந்தது. வேகமாகப் போட்ட கையெழுத்தில் கோடு ஆரம்பத்திலும் முடிவிலும் கூர்ந்து மெலியும். இதில் எல்லா முனையும் மழுங்கல்.

சரி, உண்மையாகவே இருந்திருந்தால் பன்னிரண்டாயிரம் போகுமா? பேராசிரியரிடம் இதையும் சேர்த்துத்தான் சொன்னேன், ஏனென்றால் இன்னொரு நாள் இன்னொருவர் உண்மையானதைக் கொண்டுவருவார்.

என் கணக்கில் போகாது. முதல் பதிப்பா என்று சொல்லத் தலைப்புத் தாளே இல்லை. கையெழுத்து இல்லாமல் இந்தப் பிரதி நூறு ரூபாய்கூடப் பெறாது. படிப்பகத்து முத்திரையைத் தேய்த்த புத்தகம், முறையாக வெளியே வந்ததா என்ற கேள்வி வேறு. அதன்மேல் வெறும் ஆசி வாக்கியம், பெயரில்லாத தம்பிக்கு. சந்தேகமே இல்லாத கையெழுத்தாக இருந்தால் நான் இரண்டாயிரம், இழுத்தடித்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு சொல்லியிருப்பேன். கையெழுத்து என்பது புத்தகத்தின் விலையோடு பெருகும் சரக்கு. அடியில் இருக்கும் பிரதி ஊனமாக இருந்தால் அதுவும் தள்ளாடும். முழுதான முதல் பதிப்பாக இருந்து, மு.வ.விடம் படித்தவர் என்று நிறுவக்கூடிய ஒருவர் பெயர் எழுதி, அவர் வீட்டு அலமாரியிலிருந்தே நேராக வந்திருந்தால், பன்னிரண்டாயிரத்துக்கு நானே பேராசிரியரோடு போட்டிக்கு நின்றிருப்பேன்.

பையில் இருந்த இரண்டாவது புத்தகத்தைத் தம்பி எடுத்துக் காட்டவே இல்லை. பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்தபோது கூட வந்தது, சுற்றி வைக்க உதவும் என்று வைத்திருந்தார். அறுபத்துநான்கு பக்கம், ஸ்டேப்பிள் துரு ஏறிய கவிதைப் புத்தகம். எழுதியவர் ஆற்காடு பக்கத்துப் பள்ளித் தமிழாசிரியர், யாருக்கும் தெரியாத பெயர், சொந்தக் காசில் அச்சிட்டது. உள்ளே தன் பழைய தலைமை ஆசிரியருக்கு என்று பெயரோடு, பள்ளியோடு, ஐந்து வரி எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். பக்கம் 12, 19, 40இல் அச்சுப் பிழைகளை அதே மையில் திருத்தியிருந்தார். ஓர் இடத்தில் ஒரு அடியையே அடித்துவிட்டு வேறு அடி எழுதியிருந்தார். நடுவில் ஓர் உள்நாட்டு அஞ்சல் கடிதம். அதே கையெழுத்து, அதே தலைமை ஆசிரியர் முகவரி, 'வட ஆற்காடு ஜில்லா' என்று. தபால் முத்திரையில் 1969 தெளிவாக விழுந்திருந்தது.

போலி செய்ய இதில் யாருக்கும் லாபமில்லை என்பது முதல் நிம்மதி. அதைவிட முக்கியம், தபால் முத்திரை போட்ட கடிதம் என்பது தேதி உறுதியான கையெழுத்து மாதிரி. இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். 'ழ'வின் வால், 'கு'வின் கொக்கி, வரி போகப்போக மேலே ஏறும் பழக்கம் எல்லாம் ஒத்துப்போயின. எந்த இரண்டு சொல்லும் அச்சாகப் பொருந்தவில்லை. 'னா', 'றா', 'லை' மூன்றுமே பழைய வடிவம், ஓர் இடத்தில்கூடத் தவறவில்லை. கோட்டின் ஓரம் சுத்தம். எதிர்ப்பக்கத்தில் மையின் மங்கலான பழுப்பு நிழல் தலைகீழாகப் பதிந்திருந்தது. வருடக்கணக்காக மூடிக்கிடந்தால்தான் அது வரும்.

இதற்குச் சந்தை விலை என்று ஒன்று இல்லை. பெயர் தெரியாதவர் கையெழுத்துக்குக் கடையில் யாரும் பத்து ரூபாய் கூடத் தரமாட்டார்கள். பலர் 'கிறுக்கியிருக்கு' என்று குறைக்கவே செய்வார்கள். ஆனால் ஆசிரியரே கைப்படத் திருத்திய பிரதி, பெற்றவர் யார் என்று தெரியும், கடிதமும் கூட இருக்கிறது. வட்டாரப் புலவர்களைச் சேர்க்கும் ஒருவருக்கு இது வேண்டும். பேராசிரியர் அப்படிப்பட்டவர்தான்.

சாயங்காலம் மூன்று பேரும் காட்பாடியில் அவர் வீட்டில் உட்கார்ந்தோம். மு.வ. புத்தகத்தைப் பற்றி நான் சொல்லச்சொல்ல அவர் லென்ஸை வாங்கி 'னா'வை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். "நான் இதுல ஏமாந்திருப்பேன்பா. துதிக்கையைப் பார்த்ததுமே நம்பியிருப்பேன்" என்றார். பிறகு கவிதைப் புத்தகத்தைக் கையில் எடுத்தவர், அடித்துத் திருத்திய அடியை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். எண்ணூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தார். நான் அறுநூறு என்று நினைத்திருந்தேன். தம்பிக்கு வாயடைத்துவிட்டது. மு.வ. புத்தகத்துக்கு அவர் இடைத்தரகரிடம் மூவாயிரம் கொடுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் புத்தகத்தின் பின் உள் அட்டையில் நான் பென்சிலால் 'முதல் தாளில் உள்ள கையெழுத்து ஆசிரியருடையது அல்ல' என்று எழுதித் தேதி போட்டேன். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கப்போவதாகச் சொன்னார். மூவாயிரத்தில் ஆயிரத்து ஐந்நூறு திரும்பி வந்தது என்று பிறகு போன் செய்தார்.

கார்த்திகை மாதம் பேராசிரியர் ஒரு படம் அனுப்பினார். யாரோ அவருக்கு விற்பனைக்கு என்று அனுப்பியது. அதே நான்கு வரி, 'பொங்கல் நன்னாள் 14-1-62'. விலை எட்டாயிரமாக இறங்கியிருந்தது. 'ச' இருக்கும் இடத்தில் ஒரு கட்டை விரல் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தது.